நீட்டிய விரலின் படம்

ஓய்வு பெற்ற நாளில் எனக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், வசனம் எழுதிய கண்ணாடிச் சட்டம் ஆகிய மூன்றும் கிடைத்தன. ஓய்வு மட்டும் கிடைக்கவில்லை. சித்தூரில் எங்கள் சபையார் எல்லோரிடமும் என் கைபேசி எண் இருந்தது. எல்லோர் வீட்டிலும் கத்தி, அரிவாள்மனை, தகரம், கண்ணாடி, குழந்தைகள் இருந்தன. மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்து, கடைசி ஒன்பது வருடம் நர்சிங் சூப்பிரண்டாக இருந்தவளுக்கு, பென்ஷனோடு வாட்ஸ்அப்பில் காயங்களைப் பார்க்கும் பதவியும் தானாக வந்து சேர்ந்தது. நியமன உத்தரவு எதுவும் இல்லை. ராஜினாமா செய்யவும் வழியில்லை.

முதலில் ஒரு ரோஜாப்பூப் படம் வரும். அதன்மேல் ‘காலை வணக்கம்’ என்று எழுதியிருக்கும். அடுத்து ‘ஸ்தோத்திரம் அக்கா’ என்று ஒரு வரி. மூன்றாவதாக ரத்தம் வழியும் ஒரு கால் கட்டைவிரல். நான்காவதாகக் கேள்வி: தையல் போடணுமா? எல்லோரும் கேட்பது இந்தக் கேள்விதான். எதிர்பார்க்கும் பதிலும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆரம்ப நாட்களில் வந்த படங்களை வைத்துக்கொண்டு காயத்தையும் சொல்ல முடியாது, காலா கையா என்றும் சொல்ல முடியாது. காபித்தூளை அப்பிவிட்டு அதைப் படமெடுத்து அனுப்புவார்கள். காபியின் தரத்தைப் பற்றி வேண்டுமானால் நான் ஏதாவது சொல்லலாம். இன்னும் சிலர், படம் நன்றாக இருக்க வேண்டும் என்று காயத்தின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எடுப்பார்கள். பிடித்திருக்கும் கட்டைவிரல் நகம் மட்டும் படத்தின் மூலையில் தெரியும். காயம் வாய் பிளந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் படமே கேட்கிறேன். அதை மூடிவிட்டு அனுப்புகிறவர்களிடம் என்ன சொல்வது? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் படம் அனுப்பும் பழக்கம் காயத்துக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் விதிகள் போட்டேன். குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடம் கழுவு. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்து, நடுவில் எடுத்துப் பார்க்காதே. பிறகு கையை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் படம் எடு. பக்கத்தில் ஒரு பேனா வை, அளவு தெரியட்டும். மூட்டுக்கு மேல் பட்டிருந்தால் நீட்டி ஒரு படம், மடக்கி ஒரு படம். எத்தனை மணிக்குப் பட்டது என்று எழுது. எதனால் பட்டது என்றும் எழுது.

இவ்வளவும் கிடைத்தால் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். உள்ளே மஞ்சளாகச் சின்னச் சின்ன மணிபோலத் தெரிந்தால் அது கொழுப்பு. தோல் முழுசாக அறுந்துவிட்டது என்று பொருள். வெள்ளையாக, பளபளப்பாக ஏதாவது தெரிந்தால் பேச்சே இல்லை, ஆட்டோ பிடி. விட்டதும் தானாகப் பிளந்தால் தையல். கோடுபோல ஒட்டிக்கொண்டிருந்தால், மடக்கியும் பிளக்காவிட்டால், அழுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டால், கட்டு போதும். முதுகில் பட்டால் விட்டுவிடும் அதே அளவு காயத்தை முகத்தில் விடமாட்டேன். கை, காலில் ஆறு எட்டு மணி நேரத்துக்குள் போவது நல்லது. முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம், ஒரு நாள்வரை தாங்கும். முந்தாநாள் அறுத்ததைக் கொண்டுவந்து இன்றைக்குத் தைக்கச் சொன்னால் உள்ளே இருக்கும் அழுக்கையும் சேர்த்துத் தைப்பதாகும்.

இவ்வளவு தெரிந்த நான்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தவறு செய்தேன்.

அன்று ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டிக் கூட்டம் இருந்தது. பொருள்: தெலுங்கு ஆராதனையைக் காலை எட்டரை மணிக்கு மாற்றித் தமிழ் ஆராதனையை ஏழு மணிக்குத் தள்ளுவது. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் தெலுங்குக்கு நல்ல நேரம் வேண்டும் என்பது ஒரு கட்சி. ஏழு மணிக்கு எழுந்து வருவதென்றால் தமிழ் தானாகச் செத்துவிடும் என்பது இன்னொரு கட்சி. நான் கமிட்டியில் இல்லை. மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு முதல் படம் வந்தது. கமிட்டியில் இருப்பவரும் எங்கள் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுபவருமான பள்ளிக்கூட வாத்தியாரின் மேலுதடு. அனுப்பியது அவர் மனைவி. அன்றைக்கு ரோஜாப்பூ இல்லை. சபைக் கோயில் படியில் தவறி விழுந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள்.

உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் கோட்டைக் குறுக்கே வெட்டியிருந்தது காயம். நீளம் அதிகமில்லை. ஆனால் அந்தக் கோடு ஒரு நூல் விலகினாலும் ஆயுசுக்கும் தெரியும். முதல் தையலை அந்தக் கோட்டில்தான் போடவேண்டும், பிறகுதான் மற்றவை. வீக்கம் ஏறிவிட்டால் கோடு எங்கே என்று தேடவேண்டி வரும். ஒரு நாள் அவகாசம் இருக்கிறது என்று விட்டுவிடக்கூடாது, முகம் சம்பந்தப்பட்ட சர்ஜன் இருக்கும் இடமாகத் திருப்பதிக்கே போய்விடுங்கள் என்று சொன்னேன். உதட்டைத் தூக்கி உட்புறமும் ஒரு படம் கேட்டேன், காயம் உள்ளேவரை வந்திருக்கிறதா என்று பார்க்க. வந்திருந்தது. கூடவே முன்பல் ஒன்றில் மூலை உடைந்திருந்தது.

பல் உடைந்தால் ஒரு கேள்வி கட்டாயம். உடைந்த துண்டு எங்கே? உதட்டுக்குள் பொதிந்திருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். இரண்டுமே நல்லதல்ல. கேட்டேன்.

“படியெல்லாம் பெருக்கிப் பாத்துட்டோம் அக்கா. ஒண்ணும் ஆப்டல” என்றாள் வாத்தியார் மனைவி.

இருமல் இருக்கிறதா என்றால் இல்லை. மூச்சு சரியாக இருந்தது. உதட்டை எக்ஸ்ரே எடுக்கும்போது பல்லையும் தேடச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் மீன் குழம்பை முடித்தேன். நன்றாக இருந்தது.

இரண்டே முக்காலுக்கு அடுத்த படம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல்கடை வைத்திருக்கும் டெய்லரின் வலது கை. அவரும் கமிட்டி உறுப்பினர்தான். பாடகர் குழுவில் வாத்தியாருக்குப் பக்கத்தில் நிற்பவர். பதினைந்து வருடமாக இரண்டுபேரும் ஒரே பாட்டுப்புத்தகத்தைப் பகிர்ந்து பிடித்துப் பாடியவர்கள். பிளவுஸ், பள்ளிச் சீருடை, எங்கள் போதகர் ஐயரின் அங்கி எல்லாம் இவர் வெட்டுவதுதான். உதவிக்கு ஆள் உண்டு என்றாலும் கத்தரியை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டார்.

என் பதவிக்காலத்தில் அவ்வளவு நல்ல படம் யாரும் அனுப்பியதில்லை. வெட்டும் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கையை அழகாகப் பரப்பி வைத்திருந்தார். விரல்கள் ஐந்தும் நேராக நீண்டிருந்தன. பேனாவுக்குப் பதிலாக அளவு நாடா. நடுவிரல் அடிமூட்டுக்குமேல் ஒரு சின்னக் காயம், அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. இரும்புக் கேட்டின் தகரம் கிழித்துவிட்டது, இப்போதுதான் நடந்தது என்று அவர் மனைவி எழுதியிருந்தாள்.

ஓரங்கள் ஒட்டியிருந்தன. பிளப்பு இல்லை. ரத்தம் நின்றிருந்தது. கொழுப்பு தெரியவில்லை. தையல் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டு, நாளைக்குள் டெட்டனஸ் தடுப்பூசி ஒன்று போட்டுக்கொள் என்று பதில் எழுதினேன். அவள் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினாள். அதோடு ரோஜாப்பூவும்.

மடக்கிய படத்தைக் கேட்கவில்லை. மூட்டுக்குமேல் இருந்தும் கேட்கவில்லை. அளவு நாடாவைப் பார்த்து மயங்கிவிட்டேன் என்பதுதான் உண்மை. மீன் குழம்புக்கும் அதில் பங்கு உண்டு.

முக்கால் மணி நேரம் கழித்து டீ போட்டுக்கொண்டிருந்தேன். பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வேறு வேலை இல்லாததால் புத்தி தானாக ஓடும். அந்தப் பல் துண்டு என்ன ஆயிற்று என்று யோசித்தேன். படியில் இல்லை. விழுங்கியிருக்கலாம். உதட்டில் இருக்கலாம். இன்னொரு இடத்திலும் இருக்கலாம் என்று தோன்றியபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போதுதான் பட்டது என்றால் ரத்தம் சிவப்பாக இருக்கவேண்டும். இதில் ஓரத்தில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. சுற்றிலும் வீங்கியிருந்தது. இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். தகரம் கிழித்தால் கோடு இழுத்ததுபோல இருக்கும். இது கோடு இல்லை, பிறை மாதிரி ஒரு சின்ன நசுங்கல். இடமோ நடுவிரல் அடிமூட்டின் நேர் உச்சி. கையை நீட்டி வைத்திருக்கும் மனிதனுக்கு அந்த இடத்தில் அடிபடுவது கஷ்டம். முஷ்டியை மூடியிருந்தால் முன்னால் போவது அந்த இடம்தான்.

டெய்லர் வீட்டுக்கு எழுதினேன்: முஷ்டி மூடி ஒரு படம் உடனே.

வந்தது. இப்போது அதே காயம் வாயைத் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. வெள்ளையாக ஒரு கீற்று.

நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி வந்த கைகள் எனக்கு நினைவிருக்கின்றன. எல்லாம் சின்னக் காயம். எல்லாருமே கதவு, தகரம், சைக்கிள் செயின் என்று சொன்னவர்கள். வரும்போது மூன்றாவது நாளாகியிருக்கும், கை மணிக்கட்டுவரை வீங்கி சூடாக இருக்கும், மூட்டுக்குள் சீழ் நின்றிருக்கும். மனிதர் வாயில் இருக்கும் கிருமிகளைப்போல மூட்டை வேகமாகக் கெடுப்பது குறைவு. அவர்களில் சிலருக்கு விரல் மடங்காமலே நின்றுவிட்டது. ஒருவருக்கு விரலே போயிற்று. டெய்லரின் விஷயத்தில் அது கத்தரி பிடிக்கும் கை.

வீடு இரண்டு தெருதான். நேரில் போனேன். டெய்லர் கட்டிலில் உட்கார்ந்து துணிக்கட்டோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, இன்னா அக்கா, தையல் வாணான்னு சொன்னியே, அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு வந்தே என்று கேட்டாள். தையல் இப்போதும் வேண்டாம்தான் என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும் என்றேன். முகம் திரும்பவும் சுருங்கியது.

“தையல் போட்றதா இருந்தா நானே போட்டுக்குவேன்” என்றார் டெய்லர். “முப்பது வருசமா அத்தான செய்யறேன்.”

சிரித்தது அவர் மட்டும்தான்.

எதில் பட்டது என்று கேட்டேன். கேட்டில் என்றார். எந்தக் கேட் என்றேன். வீட்டுக் கேட். நான் உள்ளே வரும்போது பார்த்தேன், அது மூங்கில் படல். அதையும் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கோயில் கேட் என்றார்.

நான் வாத்தியாரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒரு நோயாளியின் காயத்தை இன்னொருவரிடம் சொல்வது முப்பத்தெட்டு வருடமாக நான் செய்யாத காரியம். ஆனால் துணி பற்றிப் பேசலாம். அதைத் தடுக்கும் விதி இல்லை.

“தம்பி, மேல்துணி, லைனிங்கு ரெண்டையும் சேத்துப் புடிச்சி ஒரு ஊசி குத்துனா ஓட்டை ரெண்டும் நேர்க்கு நேரா இருக்கும், இல்லியா?” என்றேன். “இப்ப லைனிங்க மட்டும் ஒரு அங்குலம் இழு. மேல இருக்கிற ஓட்டையில பாத்தா கீழ ஓட்டை தெரியுமா?”

அவர் தெரியாது என்பதாகத் தலையை ஆட்டினார்.

“உன் கையும் அப்பிடித்தான். முஷ்டி மூடிக்கினு இருக்கும்போது குத்துச்சி. நீ விரல நீட்டுனதும் உள்ள இருக்கிற நரம்பும் சவ்வும் பின்னால போய்ட்டுது. ஓட்டை மூடிக்கிச்சி. உள்ள போன அழுக்கு உள்ளயே மாட்டிக்கினு கீது. அது தகரத்து அழுக்குன்னா ஒரு வைத்தியம். வேற அழுக்குன்னா வேற வைத்தியம். எனக்கு நீ பொய் சொல்லு, பரவால்ல. நான் ரிட்டையர் ஆனவ. அங்க இருக்கிற டாக்டருக்குத் தகரம்னு சொன்னியானா, அழகா கழுவி ரெண்டு தையல் போட்டு அனுப்புவாரு. மூணு நாள்ல இந்தக் கையில கத்தரி புடிக்க முடியாது. அப்புறம் எப்பவுமே முடியாமப் போலாம்.”

அவர் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் யாரோ நகைக்கடை விளம்பரத்தில் பாடினார்கள்.

“பல்லு” என்றார்.

“யாரு பல்லு?” என்றாள் மனைவி.

அவர் டிவியை அணைத்தார். அவள் உள்ளே போய்ப் பையில் துணிகளை வைக்க ஆரம்பித்தாள். தட்டு ஒன்று கொஞ்சம் பலமாகக் கீழே விழும் சத்தம் கேட்டது.

அவருக்கிருந்த பயம் கையைப் பற்றியதல்ல. ஆஸ்பத்திரியில் அடிதடி என்று சொன்னால் எழுதி வைத்துப் போலீசுக்குத் தகவல் அனுப்புவார்கள். கமிட்டியில் இருந்து நீக்குவார்கள். ஐயருக்கு என்ன பதில் சொல்வது? கமிட்டிக் கூட்டத்துச் சண்டையையும் சேர்த்து இதெல்லாம் வழியில் வாடகைக் காரில் அவரே சொன்னார். எல்லாம் சரி என்றேன். போலீஸ் தகவல், கமிட்டி, ஐயர் மூன்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், மூட்டு நாளைவரை நிற்காது என்றேன். கையைத் தொங்கப்போடாமல் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கச் சொன்னேன். சித்தூரில் இருந்து திருப்பதிவரை சத்தியப்பிரமாணம் எடுப்பவர்போல உட்கார்ந்து வந்தார்.

சித்தூரிலேயே காட்டலாமே என்று அவர் மனைவி கேட்டிருந்தாள். கேட்டது நியாயம்தான். ஆனால் மூட்டைத் திறந்து கழுவ எலும்பு டாக்டரும் தியேட்டரும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் ஊரில் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பது அரிது. மற்றபடி, சித்தூரில் மறைக்க ஏதாவது இருப்பவர்கள் எல்லோரும் திருப்பதிக்குத்தான் போவார்கள். நான் வாத்தியாரை அனுப்பியதும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். அது எனக்குத் தெரியும். அதற்காக டெய்லரை வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. அல்லது தோன்றியதை நான் பொருட்படுத்தவில்லை.

ஆறேகாலுக்கு கேஷுவாலிட்டியில் நுழைந்தோம். மலையில் முடி காணிக்கை கொடுத்துவிட்டுத் தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்து கால் சுளுக்கிக்கொண்ட குடும்பம் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. அவர்களைத் தாண்டிய பெஞ்சில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். உதட்டில் தையல் முடிந்து, மூக்குக்குக் கீழே பஞ்சு ஒட்டியிருந்தார்கள். ஊசியின் மரப்பு இன்னும் போகவில்லை, ஒரு பக்கம் தொங்கியது. பக்கத்தில் அவர் மனைவி மாத்திரைச் சீட்டைக் காற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

நான்குபேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டெய்லரின் மனைவி வாத்தியாரின் உதட்டைப் பார்த்தாள். பிறகு தன் கணவரின் கையைப் பார்த்தாள். மத்தியானம் கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“ஸ்தோத்திரம்” என்றாள் வாத்தியாரின் மனைவியிடம்.

“ஸ்தோத்திரம்” என்றாள் அவளும். இரண்டுபேரும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

டியூட்டி டாக்டர் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு தெலுங்குப் பெண். நல்ல பயிற்சி. எதில் பட்டது என்று தெலுங்கில் கேட்டாள். டெய்லர் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தீயணைப்புச் சிலிண்டரின் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தேன். பல் என்று அவர் சொன்னதும் அந்தப் பெண் எடுத்துவைத்திருந்த தையல் தட்டை அப்படியே மூடி நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு மூச்சு வந்தது. முஷ்டி மூடச் சொல்லிப் பார்த்தாள், விரலை எதிர்த்து நீட்டச் சொன்னாள், நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று குத்திப் பார்த்தாள். ரத்தக்குழாயில் மருந்து ஆரம்பித்தாள். தடுப்பூசி போட்டாள். எக்ஸ்ரேக்கு அனுப்பினாள். எதையும் நான் திருத்தவேண்டி வரவில்லை. அதில் எனக்குச் சிறு ஏமாற்றமும் இருந்தது.

எக்ஸ்ரே வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடிமூட்டுக்குப் பக்கத்தில், எலும்பில்லாத இடத்தில், அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

“ஈ பன்னு எவரிதி?” என்றாள்.

பல் யாருடையது என்பது விசாரணை இல்லை, வைத்தியம். பல்லின் சொந்தக்காரருக்கு ரத்தத்தில் ஏதாவது தொற்று இருந்தால் கைக்காரருக்கு வேறு மருந்தும் தொடங்கவேண்டும். அவர் வந்து ரத்தம் கொடுத்தால் தேவலை, கட்டாயப்படுத்த முடியாது என்று விளக்கினாள். டெய்லர் பெஞ்சின் பக்கம் திரும்பாமல் நின்றார். தான் அடித்தவனிடம் போய், உன் ரத்தமும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க எந்த மொழியிலும் வார்த்தை இல்லை என்று நினைத்திருப்பார்.

வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். மரத்துப்போன உதட்டால் வார்த்தைகள் சரியாக வரவில்லை. விரலால் தன் உடைந்த பல்லைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் எக்ஸ்ரேயையும் பல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கொடுத்த விவரச்சீட்டில் படியில் விழுந்ததாக எழுதியிருந்தது. அதையும் பார்த்தாள்.

“படியிலதான் விழுந்தேன்” என்றார் வாத்தியார், முதலில் தமிழிலும் பிறகு தெலுங்கிலும். “விழும்போது இவுரு கை குறுக்க வந்துட்டுது.”

முஷ்டி மூடிய நிலையிலா என்று அவள் கேட்டாள்.

“நான் விழறதப் பாத்து பயந்துட்டாரு.”

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். விதிப்படி போலீஸ் தகவலும் அனுப்பினாள். வந்த கான்ஸ்டபிள் இரண்டு சீட்டையும் படித்து, புகார் உண்டா என்று கேட்டார். வாத்தியார் இல்லை என்றார். டெய்லர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது, உன்னை யாரும் கேட்கவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். வாத்தியார் நர்ஸின் முன்னால் கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது வருடமாகப் பிள்ளைகளைத் தடுப்பூசி வரிசையில் நிறுத்தி, பயப்படக்கூடாது என்று சொல்கிறவர்.

எட்டு மணிக்குள் டெய்லரைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். மூட்டைத் திறந்து, சலைன் ஊற்றிக் கழுவி, துண்டை எடுத்தார்கள். விரலை நீட்டும் தசைநார் கொஞ்சம் கிழிந்திருந்தது, அதைத் தைக்கும் அளவுக்கு இல்லை. காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டுக் கட்டினார்கள். வெளியே வந்த சர்ஜன் நாளைக்கு வந்திருந்தால் வேறு கதை என்று தெலுங்கில் சொன்னார். எனக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் டெய்லர் மனைவிக்குச் சொன்னது நல்லது. அவள் அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். வாத்தியார் மனைவி பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நகர்ந்து வந்தாள். இன்னாத்துக்கு அழறே, பல்லு போனது என் வூட்டுக்காரருக்கு என்றாள். அதன்பிறகு இருவரும் தத்தம் கணவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் அதைக் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

ஐந்து நாள் அங்கே இருந்தார். இரண்டாம்முறையும் தியேட்டருக்குப் போய்க் கழுவினார்கள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இதற்கிடையில் கமிட்டி கூடித் தெலுங்கு ஆராதனை, தமிழ் ஆராதனை இரண்டையும் ஒத்திவைத்தார்கள், அதாவது நேரமாற்றத்தை. டெய்லர் இல்லாமல் ஒரு பக்கமும் வாத்தியார் சரியாகப் பேச முடியாமல் இன்னொரு பக்கமும் ஓய்ந்திருந்ததால், கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்ததாம். சபை வரலாற்றில் அது சாதனை.

என் தவறு யாருக்கும் தெரியாது. முதல் பதில் தையல் வேண்டாம் என்றுதான் இருந்தது, கடைசியில் ஆஸ்பத்திரியிலும் தையல் போடவில்லை. அதனால் நான் ஆரம்பத்திலேயே சரியாகச் சொன்னேன் என்று டெய்லர் மனைவி சபை முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப்பிறகு வரும் படங்கள் இரட்டிப்பாகிவிட்டன. மறுக்கப் பார்த்தேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை டெய்லரிடமிருந்தே படம் வந்தது. வெள்ளைத் துணி, அளவு நாடா. இந்தமுறை முஷ்டியை மூடி எடுத்திருந்தார். நான்கு மூட்டுகளும் வரிசையாகத் தெரிந்தன, நடுவிரல் மூட்டின்மேல் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு. ‘கத்தரி புடிக்கிறேன் அக்கா’ என்று கீழே எழுதியிருந்தார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். மடங்குவது சரியாக இருந்தது. ஆனால் மடங்கும் விரல் முழுசாக நீளவும் வேண்டும்.

நீட்டியும் ஒரு படம் அனுப்பு என்று எழுதினேன்.